ஏலக்காய் வரத்தும் எல்.ஐ.சி பங்கும்... லாக்-இன் முடியும் நாளில் என்ன நடக்கிறது?

போடிநாயக்கனூரில் இருக்கும் என் சித்தப்பா, முப்பது வருஷம் ஏலக்காய் கடையில் கணக்கு எழுதியவர். இப்போது ஓய்வு. காலையில் பேப்பர், மாலையில் நடை, நடுவில் போனில் பங்குச் சந்தை என்று பொழுது போகிறது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது போனை என் பக்கம் நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. 'நாளைக்கு லாக்-இன் முடிகிறது. கம்பெனியின் 55 சதவிகிதப் பங்குகள் சந்தைக்கு வருகின்றன. கையில் இருப்பவர்கள் இன்றே விற்றுவிடுங்கள்.'

ஆறு மாதத்துக்கு முன்பு அவர் விண்ணப்பித்து, ஒரு லாட் கிடைத்த புதுக் கம்பெனி அது. 150 ரூபாய் விலையில் 100 பங்குகள், மொத்தம் 15,000 ரூபாய். அன்றைக்கு விலை 180.

"ஏய்யா, வித்துறவா? இது ஜூன்ல பேரனுக்கு ஃபீஸ் கட்ட வச்சிருக்கற பணம்" என்றார்.

"இருங்க சித்தப்பா, யாரோட பூட்டு திறக்குதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றேன்.

"2022-லயும் இப்படித்தான் ஒரு மெசேஜ் வந்துச்சு. எல்.ஐ.சி-ய வித்தேன். அப்புறம் என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியும்."

தெரியும். அந்த எல்.ஐ.சி கதையில்தான் ஆங்கர் முதலீட்டாளர், லாக்-இன் என்ற இரண்டு சொற்களுக்கும் தெளிவான விளக்கம் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

பாலிசி வீட்டில் பங்கு

2022 மே மாதம் எல்.ஐ.சி பங்கு வெளியிட்டபோது, பங்குச் சந்தை பக்கமே போகாத பல வீடுகளிலும் அதுதான் பேச்சு. காரணம், பாலிசிதாரர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருந்தது. பாலிசியுடன் பான் எண்ணை இணைத்திருக்க வேண்டும், டீமேட் கணக்கு வேண்டும் என்பவைதான் முக்கிய நிபந்தனைகள். சித்தப்பா முதன்முதலாக டீமேட் கணக்கு தொடங்கியதே அதற்காகத்தான்.

வெளியீடு மே 4 முதல் 9 வரை திறந்திருந்தது. ஒரு பங்கின் விலை 902 முதல் 949 ரூபாய் வரை. கடைசியில் 949 என்று முடிவானது. பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் தள்ளுபடி. ஒரு லாட் என்பது 15 பங்குகள். அதாவது சித்தப்பா ஒரு பங்குக்கு 889 ரூபாய் வீதம் 13,335 ரூபாய் கொடுத்தார்.

ஆனால் அவர் விண்ணப்பிப்பதற்கு முன்பே, மே 2-ம் தேதி, சிலர் வாங்கி முடித்திருந்தார்கள். அவர்கள்தான் ஆங்கர் முதலீட்டாளர்கள்.

முன்வரிசை ஆட்கள்

ஆங்கர் என்றால் நங்கூரம். ஒரு புதுப் பங்கு வெளியீடு மக்களுக்குத் திறப்பதற்கு முந்தைய வேலை நாளில், பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுப்பார்கள். மியூச்சுவல் ஃபண்டுகள், இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் போன்றவை இதில் வரும். பொதுவான வெளியீடுகளில் ஒரு ஆங்கர் குறைந்தது 10 கோடி ரூபாய்க்காவது விண்ணப்பிக்க வேண்டும். 2009-ல் செபி இந்த முறையைக் கொண்டுவந்தது.

யார் யார் எத்தனை பங்குகள் வாங்கினார்கள் என்ற பட்டியல் அன்று இரவே பங்குச் சந்தைகளின் இணையதளத்தில் வந்துவிடும். மறுநாள் விண்ணப்பிக்கப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு அது ஒரு சைகை. 'இவ்வளவு பெரிய ஆட்களே இந்த விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்' என்ற நம்பிக்கையைத் தருவதுதான் ஆங்கரின் வேலை.

எவ்வளவு ஒதுக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. வெளியீட்டில் பெரிய நிறுவனங்களுக்கான பங்கு வழக்கமாகப் பாதி. அந்தப் பாதியில் 60 சதவிகிதம் வரை ஆங்கருக்குக் கொடுக்கலாம். எல்.ஐ.சி-யில் அரசு விற்றது சுமார் 22.14 கோடி பங்குகள். பாலிசிதாரர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒதுக்கியது போக மீதியில் பாதி 9.88 கோடி. அதில் 60 சதவிகிதம், அதாவது 5.93 கோடி பங்குகள், ஆங்கர்களுக்குப் போனது. விலை 949. மொத்தம் 5,627 கோடி ரூபாய். அதில் 70 சதவிகிதத்துக்கும் மேல் உள்நாட்டு மியூச்சுவல் ஃபண்டுகள் வாங்கின. நார்வே, சிங்கப்பூர் அரசுகளின் முதலீட்டு நிதிகளும் பட்டியலில் இருந்தன.

இங்கே ஒரு கேள்வி வரும். முதல் நாளே வாங்கியவர், பங்கு சந்தைக்கு வந்த அன்றே விற்றுவிட்டால்? நம்மை உள்ளே அழைத்துவிட்டு அவர் வெளியே போய்விட்டால்?

அதற்குத்தான் பூட்டு. சந்தையில் அதை லாக்-இன் என்கிறார்கள். ஆங்கர் தன் பங்குகளைக் குறிப்பிட்ட நாள் வரை விற்க முடியாது. முதலில் எல்லாப் பங்குகளுக்கும் 30 நாள் என்றிருந்தது. 2022 ஏப்ரல் 1-ம் தேதி முதல் திறக்கும் வெளியீடுகளுக்கு, பாதிப் பங்குகளுக்கு 30 நாள், மீதிப் பாதிக்கு 90 நாள் என்று செபி மாற்றியது. நாள் எண்ணுவது பங்கு ஒதுக்கப்பட்ட தேதியிலிருந்து. பங்கு சந்தைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. பலர் தப்புவது இந்த இடத்தில்தான்.

நமக்கு இந்தப் பூட்டு கிடையாது. சில்லறை முதலீட்டாளர் முதல் நாளே விற்கலாம்.

ஜூன் 13

எல்.ஐ.சி பங்குகள் மே 12-ல் ஒதுக்கப்பட்டன. மே 17-ல் சந்தைக்கு வந்தன. வெளியீட்டு விலை 949 என்றால், முதல் நாள் முடிவில் விலை 875 ரூபாயை ஒட்டி நின்றது. அன்றைக்கே சித்தப்பாவின் 889-க்குக் கீழே போய்விட்டது. 'பொறுத்துப் பார்ப்போம்' என்று இருந்தார்.

மே 12-லிருந்து 30 நாள் எண்ணினால் ஜூன் 11. அது சனிக்கிழமை. எனவே ஆங்கர்கள் விற்கக்கூடிய முதல் வியாபார நாள் ஜூன் 13, திங்கள்கிழமை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை விலை 710 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே முடிந்திருந்தது. திங்களன்று கிட்டத்தட்ட 6 சதவிகிதம் விழுந்து 668 ரூபாய் அளவில் நின்றது. 'ஆங்கர் பூட்டு திறந்தது, எல்.ஐ.சி சரிந்தது' என்று செய்திகள் வந்தன. சித்தப்பா அன்று மதியம் விற்றார். 13,335 ரூபாய் கொடுத்தவருக்குத் திரும்ப வந்தது சுமார் 10,000.

இப்போது அந்த நாளை நிதானமாகப் பார்க்கலாம்.

முதலாவது, அன்று சந்தையே விழுந்தது. அமெரிக்க விலைவாசிப் புள்ளிவிவரம் பயமுறுத்தியதில் சென்செக்ஸ் ஒரே நாளில் 1,450 புள்ளிகளுக்கும் மேல் இறங்கியது. எல்.ஐ.சி-யின் 6 சதவிகிதத்தில் கிட்டத்தட்ட பாதியளவு, எல்லாப் பங்குகளையும் பிடித்திழுத்த அந்த பயத்தின் அளவு.

இரண்டாவது, பூட்டு திறப்பதற்கு முன்பே விலை 875-லிருந்து 710-க்கு வந்துவிட்டது. அதாவது 165 ரூபாய் இறங்கியது பூட்டு திறப்பதற்கு முன்பு. 40 ரூபாய் இறங்கியது பூட்டு திறந்த நாளில்.

"இது எனக்கு அப்பவே தோணியிருக்கணும்யா" என்றார் சித்தப்பா. "ஏலத்துல தினமும் பார்த்ததுதானே?"

அவர் சொன்னது சரி. போடியில் இருக்கும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்கு இடுக்கி மலைத் தோட்டங்களிலிருந்து காய் வரும். வரத்து அதிகமானால் விலை இறங்கும். ஆனால் அனுபவமுள்ள வியாபாரி மூட்டை வந்து இறங்கும்வரை காத்திருக்க மாட்டார். மலையில் மழை நன்றாகப் பெய்திருக்கிறது, அடுத்த பறிப்பில் காய் அதிகம் வரும் என்று தெரிந்தால் இன்றைக்கே விலையைக் குறைத்துத்தான் கேட்பார். காய் வந்து சேரும் நாளில் விலையில் பெரிய மாற்றம் இல்லாமலும் போகலாம்.

பூட்டு திறக்கும் தேதி மழையைவிட நிச்சயமானது. அது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அதனால் அந்தத் தேதிக்கு முந்தைய நாட்களிலேயே சிலர் விற்பார்கள், வாங்க நினைப்பவர்கள் தள்ளிப்போடுவார்கள். விலையின் ஒரு பகுதி அப்போதே குறைந்துவிடும்.

சிறிய எண், பெரிய எண்

எல்.ஐ.சி கணக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. எல்.ஐ.சி-யின் மொத்தப் பங்குகள் சுமார் 632 கோடி. அதில் ஆங்கர்களிடம் இருந்த 5.93 கோடி என்பது 1 சதவிகிதம்கூட இல்லை. 'இதற்கா இவ்வளவு பயம்?' என்று தோன்றும்.

ஆனால் அரசு விற்றது மொத்தத்தில் 3.5 சதவிகிதம்தான். மீதி 96.5 சதவிகிதம் அரசின் கையிலேயே இருந்தது; அது வியாபாரத்துக்கு வரவில்லை. சந்தைக்கென்று இருந்தது 22.14 கோடி பங்குகள் மட்டும். அதிலும் ஆங்கரின் பூட்டிய பங்குகளைக் கழித்தால், முதல் மாதம் கைமாறக்கூடியதாக இருந்தது சுமார் 16.2 கோடி. புது விதிப்படி ஆங்கர் பங்குகளில் பாதிக்குத்தான் 30 நாளில் பூட்டு திறக்கும் என்று கணக்கிட்டாலும், அது கிட்டத்தட்ட 3 கோடி பங்குகள். ஏற்கெனவே சந்தையில் இருந்ததில் 18 சதவிகிதம்.

ஆக, திறக்கும் பங்குகளைக் கம்பெனியின் மொத்தப் பங்குகளோடு ஒப்பிடக் கூடாது. உண்மையில் சந்தையில் புழங்கும் பங்குகளோடு ஒப்பிட வேண்டும். ஊரில் மொத்தம் எத்தனை மூட்டை ஏலக்காய் இருக்கிறது என்பதா முக்கியம்? ஏலத்துக்கு வந்தது எத்தனை மூட்டை என்பதுதானே விலையைத் தீர்மானிக்கிறது.

எந்த விலைக்கு வாங்கியவர்?

இன்னொரு விஷயம் இருக்கிறது. பூட்டு திறந்துவிட்டது, சரி. ஆங்கர் விற்பாரா?

எல்.ஐ.சி ஆங்கர்கள் வாங்கியது 949-க்கு. ஜூன் 13-ல் விலை 668. விற்றால் ஒரு பங்குக்கு 280 ரூபாய் நஷ்டம். சிலர் நஷ்டத்திலும் விற்பார்கள், சிலர் பொறுப்பார்கள். ஆங்கர் நம்மைப் போலவே வெளியீட்டு விலைக்கு வாங்கியவர் என்பதால், விலை கீழே இருக்கும்போது அவருக்கும் நமக்கும் ஒரே வலிதான். பெரிய பெயர் என்பதால் அவர் நஷ்டத்திலிருந்து தப்பிவிடவில்லை. 'ஆங்கர் பட்டியலில் பெரிய பெயர்கள் இருக்கின்றன, அதனால் விலை ஏறும்' என்ற நம்பிக்கைக்கு எல்.ஐ.சி ஒரு நல்ல பதில்.

ஆனால் இன்னொரு வகைப் பூட்டு இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி ஆட்கள். கம்பெனி சந்தைக்கு வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே, மிகக் குறைந்த விலைக்கு முதலீடு செய்தவர்கள். அவர்களுக்கு விலை பாதியாக விழுந்தாலும் லாபமாக இருக்கலாம்.

அதற்கும் உதாரணம் உண்டு. அதே 2022-ல், எல்.ஐ.சி-க்கு ஒன்றரை மாதம் கழித்து, ஜூலை 25-ம் தேதி ஸொமேட்டோவின் பூட்டு திறந்தது. ஒரு வருஷத்துக்கு முன்பு 76 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட பங்கு அது. அன்று திறந்தது ஆங்கர் பூட்டு அல்ல. வெளியீட்டுக்கு முன்பே பங்கு வைத்திருந்தவர்களின் ஒரு வருஷப் பூட்டு. சுமார் 613 கோடி பங்குகள், கம்பெனியின் மொத்தத்தில் 78 சதவிகிதம். அன்று ஒரே நாளில் விலை 11 சதவிகிதத்துக்கும் மேல் விழுந்து 47 ரூபாய்ச் சொச்சத்தில் முடிந்தது. அடுத்த சில நாட்களில் 41 ரூபாய் வரை இறங்கியது.

உண்மையிலேயே விற்றார்களா? விற்றார்கள். ஆகஸ்ட் 3-ம் தேதி ஊபர் நிறுவனம் தன்னிடமிருந்த 7.8 சதவிகிதப் பங்குகள் முழுவதையும் ஒரே நாளில் விற்றது. விலை சுமார் 50 ரூபாய், மொத்தம் 3,000 கோடி ரூபாய்க்கு மேல். அத்தனையையும் வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள். ஊபர் விற்ற விலை, அதற்கு முந்தைய வாரம் பயத்தில் பலர் விற்ற விலையைவிட அதிகம்.

பிறகு 2024-ல் அந்தப் பங்கு 250 ரூபாயைத் தாண்டியது. எல்.ஐ.சி 2023 மார்ச்சில் 530 ரூபாய் வரை இறங்கி, 2024 பிப்ரவரியில் 1,000 ரூபாயைத் தாண்டியது. பூட்டு திறந்த நாளில் விற்ற சித்தப்பா, 530-ஐப் பார்த்தபோது 'தப்பித்தேன்' என்றார். 1,000-ஐப் பார்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு விலைக்கும் பூட்டு திறந்ததற்கும் சம்பந்தம் இல்லை. பூட்டு திறப்பது என்பது வரத்து பற்றிய செய்தி. கம்பெனியின் வியாபாரம் நன்றாக நடக்கிறதா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

55 சதவிகிதம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கதையெல்லாம் பேசி முடித்து, சித்தப்பாவின் போனுக்குத் திரும்பினோம். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். கணக்குக்கு வசதியாக எண்களையும் முழு எண்களாக்கித் தருகிறேன்.

கம்பெனியின் மொத்தப் பங்குகள் 10 கோடி. அதில் 2.5 கோடி, வெளியீட்டின் மூலம் மக்களிடமும் நிறுவனங்களிடமும் வந்தவை. நிறுவனரும் அவர் குடும்பமும் 5.5 கோடி வைத்திருக்கிறார்கள். சந்தையில் இவர்களைப் புரமோட்டர்கள் என்பார்கள். மீதி 2 கோடி, கம்பெனி சிறியதாக இருந்தபோதே பணம் போட்ட இரண்டு முதலீட்டு நிறுவனங்களிடம் இருக்கிறது.

ஆங்கர் பூட்டுகள் இரண்டும் 30-வது நாளிலும் 90-வது நாளிலும் திறந்து முடிந்துவிட்டன. இப்போது திறப்பது ஆறு மாதப் பூட்டு. விதி இப்படி: புரமோட்டர்கள் கம்பெனியின் மொத்தத்தில் 20 சதவிகிதத்தை 18 மாதம் பூட்டி வைக்க வேண்டும். அதற்கு மேல் அவர்களிடம் இருப்பதற்கு ஆறு மாதம். திரட்டும் பணத்தில் பெரும்பகுதி தொழிற்சாலை, இயந்திரம் போன்ற மூலதனச் செலவுக்குப் போகிறது என்றால், அவை 3 வருஷம், 1 வருஷம் என்று நீளும். புரமோட்டர் அல்லாத பழைய பங்குதாரர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம். ஸொமேட்டோ வந்தபோது அது ஒரு வருஷமாக இருந்தது. அதன் பிறகு, 2021 ஆகஸ்டில், செபி ஆறு மாதமாகக் குறைத்தது.

இதைச் சித்தப்பாவின் கம்பெனிக்குப் போட்டுப் பார்த்தோம். புரமோட்டர்களின் 5.5 கோடியில் 2 கோடி இன்னும் ஒரு வருஷம் பூட்டிலேயே இருக்கும். மீதி 3.5 கோடிக்குப் பூட்டு திறக்கிறது. முதலீட்டு நிறுவனங்களின் 2 கோடிக்கும் திறக்கிறது. இரண்டையும் கூட்டினால் 5.5 கோடி. மொத்தத்தில் 55 சதவிகிதம். வாட்ஸ்அப் சொன்ன எண் இதுதான்.

எண்ணில் தவறில்லை. 'சந்தைக்கு வருகின்றன' என்ற சொல்லில்தான் தவறு. திறக்கிறது என்றால் விற்க அனுமதி வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். புரமோட்டர் தன் கம்பெனியின் பங்கை முதல் வாய்ப்பிலேயே அள்ளிக் கொடுப்பது வழக்கமில்லை. விற்றால் அது வெளியே தெரியும், சந்தை கேள்வி கேட்கும்.

"அப்போ பயப்பட வேண்டியது அந்த 2 கோடிக்குத்தான்" என்றார் கணக்குப்பிள்ளை.

ஆமாம். அவர்கள் முதலீட்டு நிறுவனங்கள். போட்ட பணத்தை என்றைக்காவது எடுத்துத் தங்கள் முதலீட்டாளர்களிடம் கொடுத்தாக வேண்டும். அவர்கள் எந்த விலைக்கு வாங்கினார்கள் என்பதை எங்கே பார்ப்பது? வெளியீட்டின்போது கம்பெனி தரும் பிராஸ்பெக்டஸில் பார்க்கலாம். அதில், வெளியீட்டில் தங்கள் பங்குகளை விற்கும் பழைய பங்குதாரர்களின் சராசரி வாங்கிய விலை இருக்கும். இந்த இருவரும் அப்போது ஒரு பகுதியை விற்றிருந்தார்கள். தேடினோம். ஒருவருக்கு 40 ரூபாய், இன்னொருவருக்கு 45.

இன்றைய விலை 180. அது 150-க்கு வந்தாலும் அவர்களுக்கு மூன்று மடங்குக்கு மேல். விற்கக் காரணம் இருக்கிறது.

அடுத்து, சந்தை அதைத் தாங்குமா? அந்தப் பங்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 8 லட்சம் கைமாறிக்கொண்டிருந்தது. 2 கோடியை 8 லட்சத்தால் வகுத்தால் 25. அதாவது அவர்கள் முழுவதையும் சாதாரணமாகச் சந்தையில் விற்க நினைத்தால், 25 நாள் வியாபாரத்துக்குச் சமமான பங்குகள். அப்படித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விற்றால் விலை வாரக்கணக்கில் அழுந்திக்கிடக்கும். ஊபர் செய்ததுபோல ஆள் பார்த்து மொத்தமாக ஒரே நாளில் கைமாற்றினால், அன்றைக்கு ஒரு சரிவோடு முடிந்துவிடும். அதன் பிறகு அந்த பயம் விலையில் இருக்காது.

எது நடந்தது என்று பிறகு தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. கம்பெனியின் மொத்தப் பங்குகளில் அரை சதவிகிதத்துக்கு மேல் ஒருவர் ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ, அன்று மாலை பங்குச் சந்தைகளின் இணையதளத்தில் 'பல்க் டீல்' பட்டியலில் பெயர், எண்ணிக்கை, விலை எல்லாம் வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி வெளியிடும் பங்குதாரர் விவரத்தில் யாரிடம் எவ்வளவு மிச்சம், அதில் எவ்வளவு இன்னும் பூட்டில் இருக்கிறது என்றும் இருக்கும். விலை மட்டும் விழுந்து, பல்க் டீல் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை என்றால், பெரிய ஆட்கள் அன்று மொத்தமாக விற்கவில்லை என்று அர்த்தம். சித்தப்பாவைப் போன்றவர்கள் பயந்து விற்றதாக இருக்கலாம். அவர்களின் 2 கோடி அப்போதும் வரப்போகும் வரத்துதான்.

சித்தப்பா என்ன செய்தார்?

எல்லாக் கணக்கும் ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஏறியிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனி நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த 2 கோடி எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி எனக்குத் தெரியும்" என்றார்.

அன்று மதியம் விற்றார். 180 ரூபாயில் 100 பங்குகள். கட்டணங்கள் போக 3,000 ரூபாய்க்குச் சற்றே குறைவான லாபம். வாட்ஸ்அப் சொன்னதைத்தான் கடைசியில் செய்தார். ஆனால் 55 சதவிகிதத்துக்குப் பயந்து அல்ல. அந்தப் பணம் காத்திருக்கக்கூடிய பணம் இல்லை என்பதால் விற்றார். அதே பங்கு, இன்னும் ஐந்து வருஷம் தேவைப்படாத பணமாக இருந்திருந்தால் விட்டுவைத்திருப்பேன் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நான் கிளம்பும்போது சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் வைத்திருக்கும் இன்னொரு புதுப் பங்குக்கு ஒதுக்கீட்டுத் தேதியிலிருந்து எண்ணி, 30-வது நாள் தாளிலும் 90-வது நாள் தாளிலும் பென்சிலால் 'பூட்டு' என்று எழுதினார். ஆறு மாதம் கழித்து வரும் தாளில் எழுதியபோது பக்கத்தில் இன்னொரு வரியும் சேர்த்தார். எட்டிப் பார்த்தேன்.

'யாரு, என்ன வெலைக்கு வாங்கினவன்?'